விற்பனை அறிக்கையின் அடியில் இருப்பதுதான் ஓடாத சரக்கா? (ஹார்ட்வெயார் கடை, களுவாஞ்சிகுடி)

பட்டிருப்பான் | சனி, இரவு 9.40

களுவாஞ்சிகுடியில் அப்பா நடத்தும் ஹார்ட்வெயார் கடையை ஆறு மாதமாக நானும் சேர்ந்து பார்க்கிறேன். கடை நிறையச் சாமான் இருக்கிறது, கையில் காசு இல்லை. கொழும்பு முகவருக்குக் கொடுத்த காசோலை வங்கிக்குப் போவதற்கு முதல் நாள் இரவு அப்பா தூங்குவதில்லை. அதே வாரத்தில் அரை அங்குல பிவிசி குழாய் முடிந்துபோய், படுவான்கரையிலிருந்து பாலம் கடந்து வந்த ஆட்களை வெறுங்கையுடன் அனுப்புகிறோம்.

பில் போடும் கணினியிலிருந்து கடந்த 12 மாத விற்பனை அறிக்கையை எடுத்து, விற்பனைப் பெறுமதிப்படி மேலிருந்து கீழாக அடுக்கினேன். 790 பொருள்கள், மொத்தம் 1 கோடி 80 இலட்சம் ரூபாய். முதல் 130 பொருள்களே 1 கோடி 44 இலட்சத்தைக் கொண்டுவருகின்றன. அடுத்த 240 பொருள்கள் 27 இலட்சம். கடைசி 420 பொருள்கள் எல்லாம் சேர்ந்து வெறும் 9 இலட்சம்.

அந்த 420ஐயும் மலிவு விலையில் தள்ளிவிட்டு, வரும் காசில் முதல் 130க்கு ஓடர் போடலாம் என்று நினைக்கிறேன். அப்பா சம்மதிக்கவில்லை. "என்றைக்காவது ஒருவன் வந்து கேட்பான்" என்கிறார். நான் நினைப்பது சரிதானே?

வேகக்கணக்கு | சனி, இரவு 10.05

சரிதான் தம்பி, யோசிக்காதீர்கள். இதுதான் 80க்கு 20 விதி. ஆனால் 12 மாதம் மிக நீளம். கடைசி 90 நாளை மட்டும் எடுங்கள். 90 நாளில் விற்காதது செத்த சரக்கு. பாதி விலை எழுதி வாசலில் வையுங்கள், ஒரு மாதத்தில் கடை சுத்தமாகிவிடும். எனது கைத்தொலைபேசி உதிரிப்பாகக் கடையில் இப்படித்தான் செய்கிறேன்.

அக்கரைப்பற்று_பம்ப் | சனி, இரவு 10.31

90 நாள் கணக்கு உங்கள் தொலைபேசிக் கடைக்குச் சரியாக இருக்கலாம். நான் நீர்ப்பம்பும் வயல் சாமான்களும் விற்கிறேன். பெரும்போக மழை நேரத்தில் எனது கடையில் பம்ப் குழாயை யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். தை மாதம் நீங்கள் சொல்வதுபோல் 90 நாளைப் பார்த்து அதைப் பாதி விலைக்குத் தள்ளினால், சித்திரையில் சிறுபோகம் தொடங்கும்போது அதையே கூடிய விலை கொடுத்து வாங்கவேண்டி வரும். மழைக்கு விற்கும் படங்கு ஆவணியில் செத்த சரக்காகத் தெரியும். இரண்டு போகமும் உள்ளே வரவேண்டும் என்றால் 12 மாதத்துக்குக் குறையக் கூடாது. தம்பி அதைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, காலை 6.50

தம்பி பட்டிருப்பான், ஒரு கேள்வி. விற்பனை அறிக்கையில் 790 பொருள்கள் என்கிறீர்கள். கணினியின் இருப்புப் பட்டியலில் எத்தனை பொருள்கள்?

பட்டிருப்பான் | ஞாயிறு, காலை 8.15

இப்போதுதான் பார்த்தேன் அக்கா. 1140.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, காலை 8.44

அப்படியானால் நீங்கள் தேடும் சரக்கு உங்கள் கையில் உள்ள தாளில் இல்லை. விற்பனை அறிக்கை என்பது விற்றவற்றின் பட்டியல். ஒரு வருடமாக ஒன்றுகூட விற்காத பொருளுக்கு அதில் ஒரு வரியும் விழாது. அடியில் இருக்கிற 420 பொருள்களும் கொஞ்சமாவது ஓடுகின்றன, அதனால்தான் அங்கே இருக்கின்றன. மீதி 350 பொருள்கள் எங்கே? அவைதான் உங்கள் அப்பாவின் தூக்கத்தைக் கெடுப்பவை. அவற்றை விட்டுவிட்டு, ஓடுகிறவற்றை மலிவாக விற்கப் புறப்பட்டிருக்கிறீர்கள்.

மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் 22 வருடம் இருப்புக்கணக்கு பார்த்தேன். அங்கே புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் விடுகிற பிழை இதுதான்.

இருப்புப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதை எக்செலில் `Stock` என்ற தாளில் போடுங்கள்: குறியீடு, பெயர், இருப்பு எண்ணிக்கை, கொள்முதல் விலை. விற்பனையை `Sales` என்ற தாளில் போடுங்கள்: குறியீடு, திகதி, எண்ணிக்கை, பெறுமதி. பிறகு `Stock` தாளில் இந்த மூன்றையும் எழுதிக் கீழே வரைக்கும் இழுத்துவிடுங்கள்.

```
E2:  =SUMIF(Sales!A:A, A2, Sales!D:D)
F2:  =MAXIFS(Sales!B:B, Sales!A:A, A2)
G2:  =C2*D2
```

முதலாவது ஒரு வருட விற்பனை, இரண்டாவது கடைசியாக விற்ற நாள், மூன்றாவது அந்தப் பொருளில் முடங்கியிருக்கும் காசு. விற்காத பொருளுக்கு E பத்தியில் 0 வரும். F பத்தியைத் திகதி வடிவத்துக்கு மாற்றினால் அதில் 1900ஆம் ஆண்டு என்று ஒரு திகதி வரும், பயப்படவேண்டாம், விற்கவே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் எதையும் நம்புவதற்கு முன் E பத்தியைக் கூட்டிப் பாருங்கள். அது 1 கோடி 80 இலட்சத்துக்கு வராவிட்டால் மேலே போகவேண்டாம்.

நாவற்குடா_கொப்பி | ஞாயிறு, காலை 10.20

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் புத்தகக் கடையில் கரையான் அரித்த கொப்பிகளையும் மழையில் நனைந்த அட்டைகளையும் கணக்கிலிருந்து எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை. அதற்கும் இந்தச் சூத்திரம்தானா?

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, காலை 10.41

இல்லைத் தங்கச்சி, அது சேதம். அதை எண்ணி எழுதிவைத்து, இருப்பிலிருந்து அன்றைக்கே கழித்துவிடுங்கள். இங்கே பேசுவது நல்ல நிலையில் இருந்தும் யாரும் வாங்காத சரக்கு.

நாவற்குடா_கொப்பி | ஞாயிறு, காலை 10.58

ஓ, அதுவும் நிறைய இருக்கிறது! பாடத்திட்டம் மாறியதும் பழைய மாதிரி வினாத்தாள் தொகுப்புகள் நானூறு அப்படியே நின்றுவிட்டன. அவை மெல்ல மெல்லச் சாகவில்லை, ஒரே நாளில் செத்துவிட்டன. முந்தின வருட விற்பனையைப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் நிற்கும். அதை நம்பித்தான் கடைசியாக 200 எடுத்தேன்.

பட்டிருப்பான் | ஞாயிறு, இரவு 11.30

அக்கா, கூட்டிப் பார்த்தேன். 1 கோடி 40 இலட்சம்தான் வருகிறது. அதைவிட வேடிக்கை, சீமெந்து ஒரு வருடமாக ஒன்றும் விற்கவில்லை என்று 0 காட்டுகிறது. முதல் இடத்தில் இருந்த பொருள் அது! மேலும், அப்பாவின் பழைய கணினியில் `MAXIFS` போட்டால் `#NAME?` என்று வருகிறது.

கல்முனை_களஞ்சியம் | திங்கள், காலை 6.35

சீமெந்தின் குறியீட்டுக்குப் பின்னால் ஒரு இடைவெளி தட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எக்செலுக்கு அது வேறு குறியீடு. இரண்டு தாளிலும் `=TRIM(A2)` போட்டு ஒரு புதிய பத்தி எடுத்து, அதை A பத்தியின் மேலேயே பெறுமதியாக ஒட்டிவிடுங்கள். விடுபட்ட 40 இலட்சமும் சீமெந்தாகத்தான் இருக்கும்.

`MAXIFS` எக்செல் 2019 பதிப்பிலிருந்தும் மைக்ரோசொஃப்ட் 365இலும்தான் இருக்கிறது. பழையதில் வராது. உங்கள் மடிக்கணினியிலோ கூகுள் தாளிலோ போடுங்கள். கூகுள் தாளில் 1900க்குப் பதிலாக 1899 என்று வரும், பொருள் ஒன்றுதான்.

பட்டிருப்பான் | புதன், இரவு 10.10

கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது. சீமெந்துதான். அடுத்து, விற்பனை 0 ஆன 350 பொருள்களையும் தனியாக எடுத்தேன். அவற்றில் 95க்கு இருப்பும் 0. பழைய குறியீடுகள், காசு ஒன்றும் இல்லை, அழித்துவிட்டேன்.

மீதி 255இல் முடங்கியிருக்கும் காசு 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். எங்களுக்கு இது பெரிய தொகை. அப்பாவிடம் காட்டினேன். அவர் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு அங்குல ஆணி ஒரு வருடமாக விற்கவில்லையா? நேற்று நானே இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தேனே" என்று சிரித்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கல்முனை_களஞ்சியம் | புதன், இரவு 10.48

அப்பா சிரித்ததில் பிழை இல்லை. இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, பில் போடும் பிள்ளை ஆணி, திருகாணி போன்ற சின்னச் சாமான்களை எந்தக் குறியீட்டில் அடிக்கிறார்? கூட்டமான நேரத்தில் பெயர் தேடப் பொறுமை இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பொதுக் குறியீட்டில் தட்டிவிடுவார்கள்.

மற்றது, கணினியில் இருப்பு மைனஸாக நிற்கும் பொருள்கள் இருக்கின்றனவா? இருந்தால் ஒரே பொருள் இரண்டு பெயரில் பதிவாகியிருக்கிறது. சரக்கு வந்தபோது ஒரு பெயரில் ஏற்றியிருக்கிறீர்கள், விற்கும்போது மற்றப் பெயரில் கழித்திருக்கிறீர்கள். ஒன்று அசையாமல் கிடக்கும், மற்றது மைனஸில் ஓடும். மைனஸ் பட்டியலையும் 0 பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஜோடிகள் கண்ணில் படும்.

பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தட்டுக்குப் போய்க் கையால் எண்ணுங்கள். கணினி சொல்லும் இருப்பை நம்பி எதற்கும் விலை குறைக்காதீர்கள்.

வேகக்கணக்கு | வியாழன், காலை 9.15

இவ்வளவு வேலை தேவையா? தட்டில் தூசி படிந்திருப்பதை எடுத்து வெளியே வைத்தால் முடிந்தது.

அக்கரைப்பற்று_பம்ப் | வியாழன், காலை 9.32

நமது கடற்கரைக் காற்றுக்கு இன்றைக்கு வந்த சாமானிலும் நாளைக்குத் தூசி படியும்.

பட்டிருப்பான் | ஞாயிறு, மாலை 5.20

இரண்டு நாள் கடை பூட்டிய பிறகு, நானும் தங்கையும் இருந்து எண்ணி முடித்தோம்.

ஜோடியாகப் பதிவானவை 60. ஒரே எல்போ தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர், முகவரின் சுருக்கத்தில் ஒரு பெயர் என்று மூன்று இடத்தில் இருந்தது. அவற்றை இணைத்ததும் 2 இலட்சத்து 70 ஆயிரம் குறைந்தது. அக்கா சொன்னதுபோல `MISC` என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதில் ஒரு வருடத்தில் 6 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் விற்பனை! ஆணி, திருகாணி, வாஷர் எல்லாம் அதற்குள்தான் போயிருக்கின்றன. அப்படி 70 பொருள்கள், 1 இலட்சத்து 10 ஆயிரம்.

ஆக உண்மையில் அசையாதவை 125 பொருள்கள், 7 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். முதலில் மலிவாக விற்க நினைத்த 420இல் ஒன்றுகூட இதற்குள் இல்லை.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, மாலை 6.05

நல்ல வேலை. இப்போது அந்த 125ஐயும் G பத்தியால், அதாவது முடங்கிய காசால், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 125க்கும் ஒரேயடியாக முடிவெடுக்கப் போனால் களைத்துவிடுவீர்கள். மேலே எத்தனை பொருள்களில் பாதிக் காசு நிற்கிறது என்று சொல்லுங்கள்.

பட்டிருப்பான் | ஞாயிறு, மாலை 6.22

12 பொருள்களில் 4 இலட்சத்து 90 ஆயிரம் நிற்கிறது. பாதிக்கும் மேல்.

முதலாவது, குளியலறையில் திறந்து மூடும் தண்ணீர்க் குழாய், ஒரு விலை கூடிய வகை. 48 இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரத்தில், இன்னும் ஏறும் என்று பயந்து அப்பா எடுத்தவை. ஒன்று 3,800 ரூபாய்க்கு வாங்கியது, மொத்தம் 1,82,400. இப்போது அதே தரத்தில் வேறு பெயர்க் குழாயை 3,200க்கு விற்கிறோம்.

இரண்டாவது, பம்ப் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் பூட்டும் மூன்று அங்குல கால் வால்வு, 27 இருக்கிறது. ஒன்று 4,200 ரூபாய். முகவர் ஒரு பெட்டி எடுத்தால் ஏதோ இலவசம் என்று தள்ளிவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் இரண்டு அங்குலம்தான் கேட்கிறார்கள்.

குழாயை 2,800க்கு விடலாம் என்றேன். "ஒரு குழாயில் ஆயிரம் ரூபாய் நட்டப்பட நான் கடை திறக்கவில்லை" என்று அப்பா எழுந்து போய்விட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, இரவு 8.30

அந்த 3,800 ரூபாய் 2022இலேயே போய்விட்டது தம்பி. விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. இன்றைக்கு அந்தக் குழாயின் பெறுமதி, சந்தையில் ஒருவன் அதற்குக் கொடுக்கிற காசுதான். அப்பாவிடம் நட்டம் என்ற சொல்லை எடுக்காமல் இப்படிக் கணக்குக் காட்டிப் பாருங்கள்.

48ஐயும் 2,800க்கு விற்றால் 1,34,400 கையில் வரும். நட்டம் 48,000. அந்தக் காசுக்கு அரை அங்குலக் குழாய் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். அதில் உங்களுக்கு வாங்கிய விலைக்கு மேல் எவ்வளவு நிற்கும்?

பட்டிருப்பான் | ஞாயிறு, இரவு 8.41

கிட்டத்தட்ட 12 சதவீதம். எடுத்த சரக்கு நாலு ஐந்து வாரத்தில் முடிந்துவிடும்.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, இரவு 9.02

அப்படியானால் ஒரு சுற்றுக்கு 16,000 ரூபாய். மூன்று சுற்றில், அதாவது ஏறக்குறைய 15 வாரத்தில், அந்த 48,000 திரும்பிவிடும். நான்காவது சுற்றிலிருந்து இலாபம். குளியலறைக் குழாய் தட்டிலேயே இருந்தால் 15 வாரத்துக்குப் பிறகும் அது 48 குழாய்தான்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கும். காசு இல்லாததால் அரை அங்குலக் குழாய் உண்மையில் தட்டுப்பட வேண்டும், ஆட்கள் திரும்பிப் போகவேண்டும். ஏற்கெனவே தேவையான அளவு குழாய் இருக்கிறது என்றால், கூட எடுத்து வைப்பதால் கூட விற்காது, இந்த 16,000மும் வராது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, கேட்டு இல்லாமல் போனவற்றை இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்.

வேகக்கணக்கு | ஞாயிறு, இரவு 9.40

நான் சொன்னதுதானே கடைசியில் வந்தது, விலையைக் குறைத்துத் தள்ளுங்கள் என்று! ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாயை 2,800 என்று வாசலில் வைத்தால், உள்ளே 3,200க்கு ஓடும் குழாயை யார் வாங்குவார்கள்? எனது கடையில் பழைய தொலைபேசி உறையை மலிவாகப் போட்டபோது புதிய உறை ஒரு மாதம் நின்றுவிட்டது.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, இரவு 10.15

இது மிக நல்ல கேள்வி. அதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். தம்பி, ஓடும் குழாய் மாதம் எத்தனை போகிறது?

பட்டிருப்பான் | ஞாயிறு, இரவு 10.20

ஆறு அல்லது ஏழு.

கல்முனை_களஞ்சியம் | ஞாயிறு, இரவு 10.52

அப்படியானால் வாசலில் வைத்து விற்பது ஏழு மாத வேலை. அவ்வளவு காலமும் ஓடும் குழாய் படுத்துவிடும். புதிய காசு வராது, காசு ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்கு மாறும், அவ்வளவுதான்.

இரண்டு வழி இருக்கிறது. ஓடும் குழாய்க்கு ஓடரை நிறுத்துங்கள், கையில் இருப்பது முடிந்ததும் கேட்டு வருபவர்களுக்கு 2022 குழாயைக் கொடுங்கள். அப்போது 3,200க்கே கொடுக்கலாம், 2,800 தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் முகவருக்குப் போகிற காசு மிச்சமாகும். இல்லாவிட்டால் வழக்கமாக வராத ஒருவருக்கு மொத்தமாகக் கொடுங்கள். அறுவடைக் காசு வந்ததும் இந்த மாதங்களில் வீட்டு வேலைகள் தொடங்குமே, ஒப்பந்தக்காரர் ஒருவர் நாலு வீட்டுக்கு எடுத்தால் 20 குழாய் ஒரே நாளில் போய்விடும். அவருக்கு 2,800 கொடுக்கலாம்.

இதே காரணத்துக்காக, விலை குறைப்பதற்கு முன் முகவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். காசாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஆனால் உங்கள் பெரிய ஓடர் வரும்போது, மாற்றி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

நாவற்குடா_கொப்பி | திங்கள், காலை 11.10

ஒரு மாற்றுக் கருத்து. விற்பனைப் பெறுமதியால் அடுக்குவதே எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பியின் கடையில் சீமெந்து முதல் இடத்தில் நிற்கிறது. அதில் மூட்டைக்கு என்ன மிஞ்சும்? எனது கடையில் கொப்பி பெரிய விற்பனை, மிஞ்சுவது சில்லறை. அலங்காரத் தாள் சின்ன விற்பனை, ஆனால் மாத வாடகையில் பாதி அதிலிருந்து வருகிறது. இலாபத்தால் அடுக்கினால் வேறு பட்டியல் வரும்.

கல்முனை_களஞ்சியம் | திங்கள், பிற்பகல் 2.30

வேறு பட்டியல்தான் வரும். ஓடாத சரக்கைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டியலானாலும் ஒன்றுதான், 0 எப்படி அடுக்கினாலும் 0. எதற்குக் காசோலை எழுதுவது, எது தட்டுப்படவே கூடாது என்று பார்க்க விற்பனைப் பெறுமதி போதும் என்பது எனது எண்ணம். சீமெந்தில் மிஞ்சாது, ஆனால் சீமெந்து இல்லாத கடைக்குக் கம்பி வாங்கவும் யாரும் வரமாட்டார்கள்.

நாவற்குடா_கொப்பி | திங்கள், பிற்பகல் 2.47

அதையும் இலாபப் பட்டியலிலேயே பார்க்கலாம் அக்கா. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

பட்டிருப்பான் | திங்கள், இரவு 9.55

அந்தப் பேச்சு எனது 420ஐ ஞாபகப்படுத்தியது. சீல் டேப், பிவிசி பசை, எல்போ, கிளிப் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அரை அங்குலக் குழாய் விற்ற 50 பில்லைக் கையால் புரட்டிப் பார்த்தேன். 41இல் எல்போவோ பசையோ கூடப் போயிருக்கிறது. அவற்றைத் தள்ளியிருந்தால் குழாய் வாங்க வருபவன் அடுத்த கடைக்குப் போயிருப்பான். இந்த இடத்தில் அப்பா சொன்னது சரி.

ஆனால் பசையைத் திறந்தும் பார்த்தேன். பின்தட்டில் இருந்த 9 டப்பா இறுகிக் கட்டியாகிவிட்டது. எறிந்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். அரை அங்குல பிவிசி குழாய் ஓடருக்கு எத்தனை எடுப்பது? வருடத்தில் 1,560 போயிருக்கிறது. வாரத்துக்கு 30. முகவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடர் எடுப்பார், லொறி வர இன்னும் ஒரு வாரம்.

கல்முனை_களஞ்சியம் | செவ்வாய், காலை 6.40

இன்றைக்கு ஓடர் கொடுக்கத் தவறினால் அடுத்த சரக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உங்கள் வாசலுக்கு வரும். அதனால் மூன்று வாரத் தேவையும், லொறி பிந்தினால் தாங்க ஒரு வாரத் தேவையும் உங்களிடம் இருக்கவேண்டும். நாலு வாரத் தேவையிலிருந்து கையில் இருப்பதையும், ஏற்கெனவே ஓடர் கொடுத்து வராமல் இருப்பதையும் கழித்தால் மீதிதான் ஓடர்.

ஆனால் 30 என்ற எண் பொய். மாதம் மாதமாகப் பிரித்துப் பாருங்கள்.

பட்டிருப்பான் | செவ்வாய், இரவு 10.00

பிரித்தேன். மழையின் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 9தான். மற்ற மாதங்களில் 37. இப்போது அறுவடை முடிந்து வேலை தொடங்கும் நேரம், ஆகவே 37ஐ வைத்துப் போட்டால் 148 இருக்கவேண்டும். கையில் 35 இருக்கிறது, வரவேண்டியது ஒன்றும் இல்லை. 113. நாங்கள் வழக்கமாகக் கேட்டது 60. ஏன் எப்போதும் தட்டுப்பட்டது என்று இப்போதுதான் புரிகிறது. குழாய் இல்லாத வாரங்களும் அந்தச் சராசரிக்குள் இருக்கின்றன, ஆகவே 37கூடக் குறைவாக இருக்கலாம்.

கல்முனை_களஞ்சியம் | செவ்வாய், இரவு 10.20

இல்லாத வாரத்தில் விற்பனை 0 என்றால் அது தேவை இல்லாததால் வந்த 0 இல்லை. அந்த வாரங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். ஐப்பசி பிறந்ததும் 9க்கு மாற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மழை முழுக்கக் குழாயின் மேல் படுத்துத் தூங்கவேண்டி வரும்.

பட்டிருப்பான் | ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 9.30

நிலைமையைச் சொல்கிறேன். 3,200க்கு ஓடும் குளியலறைக் குழாய்க்கு ஓடரை நிறுத்தினோம். களுதாவளையில் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் 2022 குழாயில் 22ஐ 2,850க்கு எடுத்தார். கடையில் 7, 3,200க்கே போனது. 19 மிஞ்சியிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒப்பந்தக்காரர் போனதும் காசை இரண்டு முறை எண்ணினார்.

முகவர் எதையும் மாற்றி எடுக்கவில்லை. "உங்கள் மாவட்டத்தில் எல்லோரும் இதையே கேட்கிறார்கள்" என்றார்.

`MISC` குறியீட்டை மூடிவிட்டோம். பில் போடும் பிள்ளைக்குக் கோபம். ஆணிக்கும் திருகாணிக்கும் படத்தோடு ஒரு தாள் ஒட்டிக் கொடுத்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூன்று அங்குல கால் வால்வு மட்டும் 27ம் அப்படியே இருக்கிறது. 2,500 வரை சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை.

அக்கரைப்பற்று_பம்ப் | சனி, இரவு 9.44

தம்பி, மூன்று அங்குலமா? சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டார்கள், இங்கே நான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நமது பக்கம் பெரிய பம்ப்தான் கூட. உள்ளே ரப்பர் எப்படி இருக்கிறது? பல வருடம் கிடந்ததென்றால் வெடித்திருக்கும், ஒன்றைக் கழற்றி மடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டிருப்பான் | சனி, இரவு 10.12

மூன்றைக் கழற்றிப் பார்த்தேன் நாநா. இரண்டில் நன்றாக இருக்கிறது, ஒன்றில் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு.

அக்கரைப்பற்று_பம்ப் | சனி, இரவு 10.20

ரப்பர் என்னிடம் இருக்கிறது, மாற்றிக்கொள்வேன். அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுத் தாருங்கள். 3,000 என்றால் 20 எடுக்கிறேன். 2,500க்குச் சொன்னேன் என்று நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள், ஆனால் தேவை எனக்குத்தானே, அந்த விலைக்குக் கேட்க நான் வரவில்லை. திங்கள் காலை கல்முனை பஸ்ஸில் ஏற்றிவிட முடியுமா?

பட்டிருப்பான் | சனி, இரவு 10.26

முடியும். அப்பாவைக் கேட்டுவிட்டுத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.

நாவற்குடா_கொப்பி | சனி, இரவு 10.40

பழைய பாடத்திட்ட வினாத்தாள் தொகுப்பு நானூறு இருக்கிறது. யாருக்காவது பம்ப் மூடக் கடதாசி தேவையென்றால் சொல்லுங்கள்.